நான் தொடவில்லை என்று சொன்ன காலை

எனக்கு வாய் அதிகம். செனாவாங்கில் கடைவரிசைக்கு மேல் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, "டோக்கர்தானே, என்கிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டேன். நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் அந்த மென்பொருளை அதற்கு முன் காணொளியில் பார்த்ததோடு சரி.

சர்வர் இன்னும் வந்து சேராததால் குழுவின் திட்டம் முழுவதும் என் லேப்டாப்பில்தான் ஓடியது. வலைப்பக்கம் ஒரு கண்டெய்னரில், தரவுத்தளம் இன்னொன்றில். மற்றவர்கள் அலுவலக வைஃபை வழியாக அதைத் திறந்து வேலை செய்தார்கள். லுக்குட் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வீட்டு மனுப் போட்டவர்களின் விவரங்களைப் பதியும் திட்டம் அது. எங்கள் லயத்து வீடுகளின் பாரங்களும், அதாவது மனுப் படிவங்களும், அதில் இருந்தன.

பாரங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் ஒப்பந்த வேலையில் இருந்த ஓர் அக்கா. பதினோரு நாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தார். புதன்கிழமை முடித்ததும் எஸ்டேட் கங்காணியான மண்டோர் வந்து பாரங்களை வாங்கிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பாஸ் பார்ப்பார். பிடித்தால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் அன்றோடு சரி. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலை லேப்டாப் இழுவையோ இழுவை. அதுவரை நான் கண்டெய்னர்களை நிறுத்தி மறுபடி ஓடவிடுவேன், அவ்வளவுதான். அன்று எரிச்சலில் 'டௌன்' கொடுத்தேன். அது கண்டெய்னர்களையே நீக்கிவிடும். பிறகு 'அப்' கொடுத்தேன். பக்கம் திறந்தது. ஒரு குடும்பம்கூட இல்லை.

தரவு சேமித்து வைக்கப்படும் வால்யூம்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நீள நீளமாக எழுத்தும் எண்ணுமாக ஏதேதோ இருந்தன. குப்பை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பாதிப் பொய். எதுவும் மிச்சமில்லாமல் இருந்தால் லேப்டாப் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் மனம் ஓடியது. பயன்பாட்டில் இல்லாத வால்யூம்களை அழித்துவிடும் 'டோக்கர் வால்யூம் ப்ரூன்' கட்டளையை அடித்தேன். நிச்சயமா என்று கேட்டது. 'ஒய்' தட்டினேன்.

அக்கா வந்து பக்கத்தைத் திறந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, ஒண்ணுமே காணோம்? நீ ஏதாச்சும் தொட்டியா?"

"இல்லக்கா. நான் தொடவே இல்ல."

"அப்ப நான்தான் சரியா சேவ் பண்ணலயா? ஐயோ கடவுளே." எழுந்து பாஸ் அறைக்குப் போனார். நான் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரத்தில் தெமியாங்கிலிருந்து வரும் மூத்த நிரலாளர் அண்ணன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்டெய்னர்களின் அமைப்பை நான் எழுதி வைத்திருந்த கம்போஸ் கோப்பைப் பார்த்தார்.

"டேட்டாபேசுக்கு வால்யூம் பேர் வைக்கலயா நீ? பேர் இருந்தா புது கண்டெய்னர் அதையே எடுத்துக்கும். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு தொறக்கும். பயப்படாத லா, பழசு அழிஞ்சிருக்காது. பேர் இல்லாம உள்ளயே கெடக்கும்."

பட்டியலை எடுத்தார். புதிதாகத் திறந்த ஒன்று மட்டும் இருந்தது. முன்பு அடித்த கட்டளைகளைப் பார்க்க மேல்நோக்கிய அம்புக்குறியை இருமுறை அழுத்தினார். நான் கடைசியாக அடித்த ப்ரூன் கட்டளை திரையில் வந்தது. என் பக்கம் திரும்பினார்.

"போய் சொல்லு," என்றார்.

நான் ஓடினேன். அக்கா அறைக் கதவைத் திறந்து வெளியே வந்துகொண்டிருந்தார். "சொல்லிட்டேன்மா. என் தப்புதான்னு." அவர் கண் கலங்கியிருந்தது. வாசலிலேயே நின்று, பாஸுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ப்ரூன் வரைக்கும்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உன்கிட்ட கேட்டேனே," என்றார். "தொட்டியான்னு கேட்டேனே."

பாஸ் எனக்குக் கொடுத்த பேச்சை எழுதக் கூசுகிறது. அக்காவுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்தார். மண்டோரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பாரங்களைத் திரும்ப வாங்கி வந்தது நான்தான். மறுபடி தட்டத் தொடங்கும் முன்பே வால்யூமுக்குப் பெயர் வைத்தேன். தினமும் தரவை இன்னொரு கணினியில் நகல் எடுத்தேன். அக்கா வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். எங்கள் வீட்டுப் பாரம் வந்தபோது அப்பாவின் ஐசி அடையாள அட்டை எண்ணை அவர் வாசிக்க, நான் தலை குனிந்து தட்டினேன்.

வேலை முடிந்தது, அக்காவின் ஒப்பந்தமும் நீண்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு பாரம் முடிந்ததும் அவர் கேட்பார்: "இருக்கா?"

"இருக்குக்கா," என்பேன்.

எழுந்து வந்து, என் தோளுக்கு மேல் குனிந்து, தானே பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.