வரிசையாகிப் போன மரம்

அந்தக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்கு ஒருமுறை துறைத்தலைவர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்து என் வகுப்பைப் பார்ப்பார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் அடுத்த ஜூனில் எனக்கு வேலை. இரண்டாமாண்டு கணினி அறிவியலுக்கு, தகவலைக் கிளை கிளையாக அடுக்குகிற ‘மரம்’ நடத்த மூன்று வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். முதலில் வேர், கிளை, இலை, தகவல் இருக்கிற இடமான கணு என்கிற பெயர்கள். அடுத்து தேடல் மரம் கட்டுவது. மூன்றாவதில் ஒரு கணுவை நீக்குவதும் கடைசியாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும்படி அமைக்கிற சமநிலையும்.

கணினி மரத்தில் வேர் மேலே இருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். கல்லணையில் பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் போகிற தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள், பிரிந்த இரண்டு மறுபடி சேர்ந்தால் மட்டும் அது மரமில்லை என்றேன். முதல் வகுப்பு நிம்மதியாக முடிந்தது.

இரண்டாவது வகுப்புக்கு அவர் வந்தார். சும்மா பலகையில் வரைந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதுபோல, பிள்ளைகளையே கணுக்களாக நிறுத்த ஆசைப்பட்டேன். விதி எளிது. வருகிறவரின் எண், நிற்கிறவரின் எண்ணைவிடச் சிறியது என்றால் இடப்பக்கம், பெரியது என்றால் வலப்பக்கம்; அங்கே ஏற்கெனவே ஆள் நின்றால் அவரோடும் இப்படியே ஒப்பிட்டுத் தாண்டிப் போக வேண்டும். வருகைப்பதிவேட்டைத் திறந்து ஒன்றிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டேன். ஒன்றுக்கு வலப்பக்கம் இரண்டு, இரண்டுக்கு வலப்பக்கம் மூன்று. இடப்பக்கம் போக ஆளே இல்லை. கடைசியான பதினைந்தாம் எண்காரி, அதிராம்பட்டினத்துப் பெண், கதவைத் தாண்டி வராந்தாவில் போய் நின்றாள்.

“மேடம், என்னைத் தேடணும்னா எல்லாரையும் தாண்டித்தானே வரணும்? இது மரமா, ரேஷன் கடை வரிசையா?”

வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல். சமநிலை நாளைய பாடம் என்று சமாளித்திருக்கலாம், மனம் ஒப்பவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, நடு எண்ணான எட்டை முதலில் கூப்பிட்டேன். அடுத்து நான்கு, பன்னிரண்டு. பிறகு ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் இருப்பவர்கள். இப்போது எட்டு, பன்னிரண்டு, பதினான்கு ஆகிய மூவரைத் தாண்டினால் அந்தப் பெண் கிடைத்துவிடுவாள்.

“இப்பதான் மேடம் மரம்,” என்றாள், வகுப்புக்குள் நின்றபடி. துறைத்தலைவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது வகுப்புக்கும் அவர் வந்துவிட்டார். நேற்றைய மரத்திலிருந்து யாரை நீக்கினால் வேலை குறைவு என்று கேட்டேன்.

“என்னை எடுங்க மேடம்,” என்றாள் அதே பெண். “எனக்குக் கீழ யாரும் இல்ல. இலையை எடுத்தா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

விடை சரிதான். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்கிற எனக்குச் சுருக்கென்றது.

மணி அடித்ததும் துறைத்தலைவர் பக்கத்தில் வந்தார். “பிளான்படி நடத்தலைங்க நீங்க.”

“ஆமாங்க சார்.”

“பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்கு. ரெண்டையும் எழுதியிருக்கேன். ஜூன்ல இந்தப் பாடம் எடுக்கறப்ப பிளானை மாத்தி எழுதிட்டு வாங்க. சமநிலையை எங்க வைக்கணும்னா...” என்று ஏதோ விளக்கிக்கொண்டே போனார்.

ஜூன் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. எங்கே வைக்கச் சொன்னார் என்று மறுநாள் போய் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.