புத்தகத்தில் இல்லாத பேச்சு

எங்கள் அறைச் சுவரில் முன்பு ஒரு தாள் ஒட்டியிருக்கும். புத்தகத்தில் இருப்பது எல்லாம் ஒலியில் இருக்க வேண்டும், புத்தகத்தில் இல்லாதது ஒன்றும் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எழுதி ஒட்டியவள் நானேதான். அதைக் கிழித்துப் போட்டு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கும், அச்சை வேறு காரணங்களால் படிக்க முடியாதவர்களுக்கும் அங்கே புத்தகம் செய்கிறோம். நல்ல அச்சாக இருந்தால் வேலை சுலபம். ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றி, வரி வரியாகப் பிழை பார்த்து, தலைப்புகளைத் தலைப்பு என்று குறித்து மின்னூலாக்கிவிடுவேன். போன் அதைப் படித்துக் காட்டும். அச்சு மோசமாக இருந்தால் யாராவது உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்தப் பதிவைச் சுத்தம் செய்து, தலைப்பு தலைப்பாக, பக்கம் பக்கமாகத் தாவிப் போகிற மாதிரி பேசும் புத்தகமாகக் கட்டுவது என் வேலை.

ஒரு நாள் ஓர் இளைஞன் மனைவியோடு வந்தான். அவன் கொண்டுவந்தது நகலின் நகலின் நகல். தமிழக வரலாறு, ஐந்நூறு பக்கத்துக்கு மேல். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு அதைத்தான் படிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிக்குச் சேலைக் கடையில் காலை வேலை. ஸ்கேன் செய்து பார்த்தேன். பல்லவர் பல்லிகளாகவும் சோழர் சோளமாகவும் வந்தார்கள்.

"இது ஆகாதுப்பா. யாராவது படிச்சாத்தான் உண்டு" என்றேன்.

"நான் படிக்கிறேங்க்கா" என்றாள் அவள். "பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். தமிழு நல்லா வரும்."

ஓரிக்கையில் அவர்கள் வீடு. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிற மதிய நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, போனில் பதிந்து பதிந்து வாரா வாரம் என்னிடம் கொண்டுவருவாள். போனில் இடம் இல்லாததால் நான் என் கணினிக்கு மாற்றியதும் அவள் அழித்துவிடுவாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முதல் வாரப் பதிவைக் கேட்டதும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

படிக்கிற வேலையை விட்டுவிட்டு நடுநடுவே, அவன் எதிரே இருப்பதுபோல, அவனோடு பேசியிருந்தாள். "இருங்க, பாலு பொங்குது, வந்துடறேன்." ஒரு அரசன் பேரை மூன்று தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, "இந்தாளு பேரு வாயில நொழையவே மாட்டேங்குதுங்க, இவங்க அம்மா எப்பிடித்தான் சாப்பிடக் கூப்டாங்களோ." ஓர் அத்தியாயம் முடிந்ததும், "தூங்கிட்டீங்களா? நான் தொண்டை கிழிய கத்திக்கினு இருக்கேன், நீங்க தூங்குறீங்க."

அடுத்த வாரம் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, இது என்ன புத்தகமா, உன் வீட்டுக் கூடமா? இந்தப் புத்தகம் உன் புருஷனுக்கு மட்டும் இல்ல. இணைய நூலகத்துல ஏத்துவோம். எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளை சோழர் வரியப் பத்திக் கேக்கும்போது உன் பாலு ஏன் பொங்கணும்?"

அவள் சிரித்தாள். "அவர மனசுல வெச்சிக்கினாத்தான் எனக்கு படிக்க வருதுக்கா. சும்மா செவுத்தப் பாத்து படிச்சா கொட்டாவி வருது. நீங்க வேணாங்கறத வெட்டிக்குங்களேன்."

வெட்டினேன். அதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்று எனக்கே ஒரு திமிர் உண்டு. ஒரு கையில் புத்தகம், காதில் ஹெட்போன். அச்சில் இல்லாத சொல் காதில் விழுந்தால் அந்த இடத்தைக் குறித்து நீக்கிவிடுவேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் குறைத்தேன். இருமலை எடுத்தேன். நீண்ட இடைவெளிகளைச் சுருக்கினேன். புத்தகம் கட்டி முடித்து, சரிபார்த்து, நூலகத்தில் ஏற்றியதும் மூலப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். கணினியில் இடம் வேண்டும், அடுத்த புத்தகம் காத்திருந்தது. அப்படித்தான் எல்லாப் புத்தகத்துக்கும் செய்கிறோம்.

படங்களைப் பற்றி மட்டும் அவளோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது. படம் வந்தால், படிக்கிறவர் 'படவிளக்கம்' என்று சொல்லி, படத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லி, 'படவிளக்கம் முடிந்தது' என்று மூட வேண்டும். அவள் சுருக்கமாகவே சொல்ல மாட்டாள். "ரெண்டு வரி போதும்மா" என்றால், "அவருக்கு புரியற மாதிரி சொல்லணும்ல? ரெண்டு வரில என்னாக்கா தெரியும்?" என்று எதிர்த்துப் பேசுவாள். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க அச்சில் வரி இல்லாத இடம் அது. அதனால் விளக்கங்களை நான் ஓட்டமாகக் கேட்டு அப்படியே சேர்த்துவிட்டேன்.

புத்தகம் கையில் கிடைத்த அன்று இரண்டு பேரும் வந்தார்கள். அவன் போனில் போட்டுக் காட்டினான். இரட்டை வேகம். பார்வையில்லாதவர்கள் பலரும் அப்படித்தான் கேட்பார்கள், நமக்கு ஒன்றும் புரியாது. அவள் குரல் எலி கத்துகிற மாதிரி ஓடியது.

"நடுவுல என்கிட்ட பேசி வெச்சிருக்கேன், கேட்டுப் பாருங்கன்னு சொல்லிக்கினே இருந்தா அக்கா" என்றான். "ஒண்ணும் வரலையே."

"அக்கா எல்லாத்தையும் வெட்டிட்டாங்க" என்றாள் அவள். "நல்லதுதான். வீட்டுக்கு வாங்க, நேரா திட்டறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். கீழே ஜெராக்ஸ் கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேதான் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். சாவுக்கு நான் போயிருந்தேன். அவன் சுவரோரம் உட்கார்ந்து, வருகிறவர்கள் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டுவிட்டு வந்தேன். அந்த மாதக் கடைசியில் வந்த தேர்வுக்கு அவன் போகவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும், தனியாக மாடிப்படி ஏறி வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, அவ நடுவுல பேசினதையெல்லாம் வெட்டினீங்களே. அந்த வெட்டினது வேணும்."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"வீடியோ எதுவும் நாங்க எடுத்ததில்ல" என்றான். "எனக்கு எதுக்குன்னு. அவ அனுப்பின வாய்ஸ் மெசேஜுங்க எல்லாம் 'சாப்டீங்களா', 'வரும்போது தயிரு வாங்கிக்கினு வாங்க', அவ்ளோதான். புத்தகத்துல இருக்கறா, ஆனா அது சோழருக்குத்தான் பேசுது. என்கிட்ட பேசினது உங்ககிட்டதான் இருக்குது."

"அழிச்சிட்டேன்பா."

அவன் திட்டியிருந்தால் தேவலை. என்னைப் போன்ற கோபக்காரிக்குத் தெரியும், திட்டு வாங்குவது எவ்வளவு ஆறுதல் என்று. நான் கணினியைப் போட்டு, இல்லை என்று தெரிந்தே தேடினேன். குப்பைத் தொட்டி, பழைய வட்டு, பென் டிரைவ் நான்கு. அவள் போனைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அவள் தம்பி எடுத்துப் போய்விட்டானாம். அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் மௌஸைச் சொடுக்குகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான், வெட்டாமல் சேர்த்த படவிளக்கங்கள் ஞாபகம் வந்தன.

"படவிளக்கமெல்லாம் கேட்டியாப்பா நீ?"

"இல்லக்கா. அதையெல்லாம் தாண்டிப்போற மாதிரி வெச்சிருந்தேன். பரிட்சையில அது வராதே."

பல்லவர் கட்டடக்கலை அத்தியாயத்தை எடுத்தேன். எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயில் தூண் படம். நூலகப் பிரதி, அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"படவிளக்கம்" என்று ஆரம்பித்தாள். "ஒரு தூணு. அது அடியில சிங்கம், பின்னங்கால்ல எழுந்து நிக்குது. வாயத் தொறந்துக்கினு இருக்குது. நாம கல்யாணமான புதுசுல போனமே, நீங்க வாய்க்குள்ள கைய வுட்டு பல்ல எண்ணினீங்களே, வாட்ச்மேன் கூட கத்தினாரே, அந்தச் சிங்கந்தான். மணல் கல்லு, சொரசொரன்னு இருந்திச்சின்னு சொன்னீங்க. அதேதாங்க. படவிளக்கம் முடிந்தது."

பிறகு உடனே, வேறு யாரோ மாதிரி, நரசிம்மவர்மனின் பட்டப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தாள். நிறுத்தினேன். அவன் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ போடுங்க. வேகமெல்லாம் வேணாம்."

"சாதா வேகந்தான்பா இது."

"ஓ" என்றான். "இவ்ளோ மெதுவாத்தான் பேசுவா இல்ல."

நான்கு தடவை போட்டேன். நான்காவது தடவை நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை. மறைத்தாலும் அவனிடம் பலிக்காது. மற்றப் படங்களையும் கேட்டோம். வரைபடம், நாணயம், செப்பேடு, எல்லாம் நீளம்தான், ஆனால் ஒழுங்காகப் படத்தில் இருப்பதை மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ஒன்றில்தான் தவறியிருக்கிறாள். அதை நான் பிடித்திருந்தால் நிச்சயம் வெட்டியிருப்பேன்.

"இது எவ்ளோ நேரம் வருது?" என்று கேட்டான்.

"நாப்பது செகண்டு."

"மத்ததெல்லாம் எவ்ளோக்கா இருந்துருக்கும்? உத்தேசமா சொல்லுங்க."

உத்தேசம் வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வந்த பதிவு எவ்வளவு நேரம், முடிந்த புத்தகம் எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பேன். எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்காக நானே ஆரம்பித்த வழக்கம். பக்கத்தைத் திருப்பினேன். கழித்துப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவன் காதை என் பக்கம் கொடுத்துக் காத்திருந்தான்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

அவன் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"முழுக்கப் பேச்சு இல்லப்பா" என்று அவசரமாகச் சொன்னேன். அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. "தப்பாப் படிச்சது, திரும்பப் படிச்சது, சும்மா இருந்தது, இருமல், அதெல்லாம் சேத்துதான்."

"இருமினதும் அவதானக்கா" என்றான்.