ஐந்நூறு மூடிகள்

பழச்சாறு ஆலையில் கொள்முதல் பார்க்கும் அக்காவுக்கு அந்தக் கடிதத்தை எழுதக் கை ஓடவில்லை. ஏழு வருடமாகப் பாட்டில் மூடி தந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இப்போது அவன் மூடிகள் கசிந்து, சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு புதிய உற்பத்தியாளருக்கு எழுதினாள்: "சோதனைக்கு ஐந்நூறு மூடிகள் தேவை. உணவுத் தரச் சான்றிதழ் வேண்டும். நிரப்பிய பாட்டிலை ஒரு நாள் கவிழ்த்து வைத்தாலும் கசியக் கூடாது. பத்து நாளுக்குள் அனுப்பவும்."

சேதி தெரிந்து தம்பி போன் செய்தான். "என் வயித்துல அடிச்சிட்டியேக்கா!"

"நீயும் புதுசா ஐந்நூறு அனுப்புடா. ரெண்டையும் ஒரே மாதிரி சோதிக்கிறேன்."

"எனக்கே பரீட்சையா?" என்று வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் புதியவரின் மூடிகள் வந்தன. நிரப்பி ஒரு நாள் கவிழ்த்து வைத்தும் ஒன்றுகூடக் கசியவில்லை. தம்பி எதுவும் அனுப்பவில்லை. ஒப்புதல் தாளில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.