நானூறு மழைக்காலங்கள்

கம்ப்யூட்டர் பொய்யே சொல்லாது என்று நம்புகிறவர்களோடு வேலை பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் பொய் என்பவர்களோடும் பார்த்துவிடலாம். தனக்குப் பிடித்த எண்ணைச் சொன்னால் மட்டும் அதை நம்புகிற ஒருவரிடம் நான்கு வருஷம் குப்பை கொட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

இரண்டாயிரத்துப் பதினேழு வாக்கில் இருக்கும். நெய்வேலியில், சுரங்கத்தின் அடியில் தேங்கும் மழைநீரை இறைத்து வெளியேற்றும் கான்ட்ராக்டில் ஒரு பகுதியை எடுத்திருந்த சின்னக் கம்பெனி அது. நான் அங்கே என்ஜினியர். தகரக் கூரை போட்ட ஆபீஸில் நானும் மேனேஜரும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும். கீழே, பள்ளத்தின் அடிமட்டத்தில், எங்கள் ஏழு பம்புகள். அவற்றை ஓட்டியது வளையமாதேவிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆப்பரேட்டர். என் வயதுதான் இருக்கும். மழை கொட்டும்போது, மழைநீர் வந்து சேரும் தொட்டிக்கும் மின்சாரப் பலகைக்கும் நடுவே உள்ள ஷெட்டில் நிற்கிறவர் அவர்தான். தொட்டி பொங்கினால் முதலில் நனைவது அந்தப் பலகை. அப்புறம் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் கம்பெனியின் இன்னொரு சைட்டில் ஏழாவது பம்பைக் கேட்டார்கள். கொடுக்கிறேன் என்று மேனேஜர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தொட்டி பொங்கும் வாய்ப்பு ஒரு மழைக்காலத்துக்கு நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. "ஆறு பம்பு போதும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடும்மா" என்றார். விடையைச் சொல்லிவிட்டுக் கணக்கைக் கேட்கிற மனிதர்.

காகிதத்தில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கல்ல அது. எந்த நாளில் எவ்வளவு மழை பெய்யும், எந்த பம்பு எப்போது நிற்கும், ரிப்பேர் எத்தனை மணி நேரம் இழுக்கும், எல்லாமே நிச்சயமில்லாதவை. அதனால் தாயம் உருட்டுவதுபோல அத்தனையையும் கம்ப்யூட்டரை உருட்டச் சொல்லி ஒரு புரோகிராம் எழுதினேன். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மணிக்கு மணி மழை பெய்யும், பம்பு நிற்கும், ஓடும், தொட்டி பொங்கும் அல்லது பொங்காது. ஓர் ஓட்டம் என்றால் ஒரு மழைக்காலம். எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு ஓர் ஓட்டத்துக்கு மூன்று விநாடி ஆனது. நிறைய ஓட்டங்கள் ஓட்டி, எத்தனையில் பொங்கியது என்று எண்ணி வகுத்தால் வாய்ப்பு கிடைத்துவிடும்.

ரிப்பேர் நேரத்தை ஆப்பரேட்டரிடம்தான் கேட்டேன். "மேல கேட்டா நாலு மணி நேரம்னு சொல்லுவாங்க மேடம். மழை பேஞ்சிகினு இருந்தா ஜீப்பே எறங்காதுங்க. ஆறுன்னு போட்டுக்குங்க" என்றார். ஆறு என்றே போட்டேன். இந்த மாதிரி எண்கள் தப்பாக இருந்தால் லட்சம் முறை ஓட்டினாலும் தப்பான விடைதான் வரும். ஓட்டத்தைக் கூட்டினால் உருட்டலுக்கு உருட்டல் விடை முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டம் குறையும், அவ்வளவுதான்.

புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் நானூறு ஓட்டம் விட்டேன். இருபது நிமிஷம். இரண்டு முறை பொங்கியது. நானூற்றில் இரண்டு, அதாவது நூற்றில் அரை. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதான், முடிஞ்சுது. எழுதிக் குடு."

"சார், இது சும்மா டெஸ்ட். நானூறுல ரெண்டுங்கறது ரொம்பக் கம்மி எண்ணிக்கை. நெசமான வாய்ப்பு ஒண்ணரையா இருந்தாலும் இப்படி ரெண்டு வரலாம்."

"மீட்டிங்குக்கு இப்போதைக்குக் குடும்மா. அப்புறம் பெருசா ஓட்டி மாத்திக்கலாம்."

கொடுத்தேன். ஒரு பக்கம், கீழே என் கையெழுத்து. பிழை எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போய்ப் பத்தாயிரம் ஓட்டத்தைத் தட்டிவிட்டு வந்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. ஞாயிறு மத்தியானம் ஏதோ ஃபைல் எடுக்க வந்த மேனேஜர், கரண்ட்டை வீணாக்காதே என்று அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு! அடுத்த ஞாயிறு 'அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். இந்த முறை முடிந்திருந்தது. பத்தாயிரத்தில் நூற்று முப்பத்தொன்று. அதாவது நூற்றில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் தாராளமாகக் கால் கால் விட்டாலும் ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஆறு பம்பு போதாது.

மேனேஜர் தாளைப் பார்த்தார். "போன தடவ அரை. இந்த தடவ ஒண்ணேகால். எது நெசம்?"

விளக்கினேன். வேறு வேறு உருட்டல் என்பதால் எண் மாறத்தான் செய்யும், எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி. ஓட்டத்தை நான்கு மடங்காக்கினால் ஆட்டம் பாதியாகும். நூறு மடங்காக்கினால்தான் பத்தில் ஒன்றாகும். நானூறு ஓட்டத்தில் எண் ஊஞ்சலாடும், பத்தாயிரத்தில் அந்த ஆட்டம் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

"சரி, இன்னொரு வாட்டி ஓட்டு. அதே நூத்தி முப்பத்தொண்ணு வந்தா ஒத்துக்கறேன்."

அதே எண் வராது என்று சொன்னேன். கேட்கவில்லை. இன்னொரு ஞாயிறு போனது. நூற்று இருபத்து நான்கு வந்தது. இரண்டையும் சேர்த்தால் இருபதாயிரத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து. என்னைப் பொறுத்தவரை இதைவிட ஒத்துப்போகிற இரண்டு எண்கள் கிடைக்காது. அவர் சிரித்தார். "எறங்குது பாத்தியா? இன்னும் நாலு வாட்டி ஓட்டினா ஒண்ணுக்குக் கீழ வந்துடும்."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தாலாவது புரியட்டும் என்று முதல் பத்தாயிரத்தை நானூறு நானூறாகப் பிரித்து இருபத்தைந்து வரிகளாக அச்சடித்துக் கொண்டுபோனேன். ஒரு வரியில் எட்டு, அடுத்ததில் மூன்று, அப்புறம் ஆறு, ஒன்றில் பத்துகூட இருந்தது. நானூறு ஓட்டத்தின் லட்சணம் இதுதான் சார் என்றேன். அவர் பேனா முனையால் மேலிருந்து கீழே வரி வரியாகத் தேடி, ஒன்று என்றிருந்த வரியில் நிறுத்தினார்.

"நானூறுல ஒண்ணு. இதுவும் உன் கம்ப்யூட்டர் குடுத்ததுதானே?"

சத்தியமாக அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஆறு பம்பு போதாது என்று அவருக்கே ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு அவர் பதில், சரி, தசமப் புள்ளிக்கு அப்புறம் இன்னும் ஓர் இடம் துல்லியமாகக் கொடு என்பது. ஓர் இடம் கூட வேண்டுமென்றால் நூறு மடங்கு ஓட்டம். பத்து லட்சம் மழைக்காலம், இந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து வாரம் இரவு பகலாக ஓட வேண்டும். ஒன்றைத் தாண்டுகிறதா என்று சொல்ல இப்போதிருக்கும் துல்லியமே போதும் என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்றாவதும் எழுதினேன். மூன்றாவதை அவர் படிப்பதற்குள் ஏழாவது பம்பு லாரியில் ஏறி வடலூரைத் தாண்டிவிட்டது.

மழைக்காலம் வந்தது, போனது. கார்த்திகையில் ஒரு நாள் இரண்டு பம்புகள் சேர்ந்தாற்போல் நின்றன. தண்ணீர் ஏறியது, மழை விட்டது, இறங்கியது. தொட்டி பொங்கவில்லை. "பாத்தியாம்மா, ஆறே போதும்" என்று மேனேஜர் ஆளுக்கொரு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நூற்றில் ஒன்றேகால் என்றால் நூற்றில் தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றொன்பது வருஷம் ஒன்றும் ஆகாது என்றுதானே அர்த்தம்? ஒரு மழைக்காலம் என்பது ஒரே ஓர் ஓட்டம். அதை வைத்து அரையா ஒன்றேகாலா என்று ஒரு மண்ணும் சொல்ல முடியாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற நிம்மதியும், இந்த ஆள் ஜெயித்துவிட்டாரே என்ற ஆத்திரமும் சேர்ந்து வர, அந்த ஸ்வீட்டைப் பேப்பரில் மடித்து டிராயருக்குள் போட்டேன்.

தை மாதம் பம்புகளைக் கணக்கெடுக்கக் கீழே போனேன். ஷெட் சுவரில் நான் எழுதிய அந்த முதல் தாள், நூற்றில் அரை என்ற தாள், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. மேனேஜர் கொடுத்து ஒட்டச் சொன்னாராம்.

ஆப்பரேட்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "உங்க கணக்கு சரியாப் போச்சிங்க மேடம். ஏழாவது பம்பத் தூக்கினு போனப்ப எனக்கு ரொம்ப பயமாப் போச்சி. மேல லோடிங் வேலைக்குக் கூப்புட்டாங்க, போயிடலாம்னுதான் இருந்தேன். வூட்லயும் போன்னுதான் சொன்னாங்க. இந்தத் தாளுல உங்க கையெழுத்தப் பாத்துட்டு, மேடமே போட்ட கணக்காச்சேன்னு இங்கியே நின்னுட்டேன்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. அந்தத் தாள் வெறும் டெஸ்ட், பிறகு ஓட்டியதில் ஒன்றேகால் வந்தது, கட்டுப்பாட்டையே தாண்டிவிட்டது, மேனேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன், அவர் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்கக் கேட்க ஆப்பரேட்டர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இது எப்பத் தெரியும் மேடம் ஒங்களுக்கு?"

"பொரட்டாசியிலயே."

அவர் சுவரில் இருந்த தாளின் பக்கம் திரும்பினார்.

"வாராவாரம் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட மேல வருவேனே மேடம்" என்றார். "ஒங்க டேபுளு பக்கத்துலதான நின்னுகினு போடுவேன்."