முத்துசாமி அண்ணன் கட்டிக்கொண்ட கடிகாரம்

எங்கள் நாமக்கல் லாரி பாடி பட்டறையில் வண்டிகளுக்குப் பெயர் எழுதும் முத்துசாமி அண்ணனுக்கு இன்று பிரிவு உபசார விழா. பரிசு கொடுத்துப் பேசும் பொறுப்பு எனக்கு.

“அண்ணன் எழுதுன பேரு ஓடாத ரோடே இல்லீங்க” என்றேன். பரிசாக வாங்கியிருந்த கைக்கடிகாரத்தைத் திருப்பி, பின்மூடியில் பொறித்திருந்ததை வாசித்தேன்: ‘முத்துசாமி அண்ணனுக்கு, பட்டறை நண்பர்கள்.’

பக்கவாட்டுத் திருகாணிக்கு அடியில், கடிகாரம் ஓடாமலிருக்கச் செருகியிருந்த பிளாஸ்டிக் துண்டை உருவி, திருகாணியை உள்ளே அழுத்தினேன். நொடிமுள் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணன் அதை வாங்கி, முள் பக்கம் கையோடு ஒட்டி இருக்க, பெயர் வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டார்.

“அண்ணா, மாத்திக் கட்டிட்டீங்க!”

“இத்தன வருசமா ஊரார் பேரத்தானுங்க எழுதுனேன். என் பேர உள்ள மறைச்சு வெப்பனுங்களா?”

“அப்ப மணி பாக்கறது?”

“உங்களக் கேட்டுக்கறனுங்க.”

வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்து மணி கேட்டுவிட்டார். நாளை முதல் அவருக்கு யாருடைய எண்ணைக் கொடுக்கலாம், சொல்லுங்கள்.