மூன்றாவது தடவை நீர்த்தது

என் மனைவி காய்ச்சலில் இறந்துபோன பதினைந்தாம் நாள், ஏற்காட்டு வீட்டில் மிச்சமிருந்த மூன்று அட்டை பாராசிட்டமாலோடு பஸ் ஏறி, நான் வேலை பார்க்கும் சேலத்து மருந்துப் பரிசோதனைக்கூடத்துக்கு இறங்கினேன். மாத்திரை போலி என்று எனக்குச் சந்தேகம்.

இருபது மாத்திரைகளைப் பொடித்து, நிறுத்து, காரக் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, நீர்க்க வைத்து, புற ஊதாக் கருவியில் வைத்தேன். வரவேண்டிய மருந்தளவில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. "மாட்டினான்டா!" என்று கத்திவிட்டு, மருந்துக்கடைக்காரர் மேல் புகார் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து மேஜைப் பெண் என் குடுவைகளை எண்ணினாள்.

"ஏனுங்ண்ணா, பத்து மில்லியை நூறாக்கறது ரெண்டு தடவைதானுங்களே? நீங்க மூணு தடவை பண்ணியிருக்கீங்க."

புதிதாக வருகிறவர்களை இந்தத் தப்புக்காகக் கிண்டலடிக்கிற மகானே நான்தான்.

மறுபடி செய்தேன், மருந்து முழுசாக இருந்தது. நப்பாசை விடவில்லை; வயிற்றுக்குள் கரையாத மாத்திரையாக இருக்குமோ? ஆறு மாத்திரைகளை உடல் சூட்டில் சுழலும் கரைசலில் போட்டேன். அரைமணியில் எடுத்து அளந்தால், ஆறும் நன்றாகக் கரைந்திருந்தன.

மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சூட்டைத் தணித்துக் காட்டியிருக்கிறது. காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் அவள், "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்றாள். நெற்றியைத் தொட்டு, "ஜில்லுனு இருக்கே, அப்புறம் என்ன?" என்றது நான்.