பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் விரிப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் புஷ்பா எழுத்தராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் பணி நிரந்தரமாகும். 1989 ஆகஸ்டில் மூத்த எழுத்தர் லட்சுமணன், மகளின் காதுகுத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போனார். ஆவடியிலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வருவார்கள். அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

போகும்முன் அவர் ஒரு தாளை நீட்டினார். ‘வழக்கமான வேலைகளைக் கவனிக்கவும். விவரங்கள் கோப்பில் உள்ளன.’ அவ்வளவுதான். அடியில், ‘பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்’ என்று எழுதி அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“அண்ணே, பாக்கி வேலை ஏதாவது? யாரையாவது கேக்கணுமா?”

“பாக்கி இன்னாம்மா கீது? அல்லாம் ஃபைல்ல கீது. போடு தங்கச்சி, வண்டி பூடும்.”

அவள் போட்டாள்.

ஆறாம் நாள் காலை கொதிகலன் ஆய்வாளர் வந்து நின்றார். ஆய்வு நாளன்று கொதிகலனை அணைத்து, ஆறவைத்து, நீரை வடித்து, திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவோ முழு நீராவியில் முழங்கிக்கொண்டிருந்தது.

“எனுக்கு யாருமே சொல்லலியே தாயி!” என்று தலையில் கைவைத்தார் கொதிகலன் இயக்குநர் வேலுசாமி. தேதி குறித்து மூன்று வாரம் முன்பே கடிதம் அனுப்பியதாகச் சொல்லி, ஆய்வாளர் நகலைக் காட்டினார். புஷ்பா கோப்பைத் தாள் தாளாக இரண்டு முறை புரட்டினாள். அதில் அந்தக் கடிதம் இல்லை. லட்சுமணனின் இழுப்பறை பூட்டியிருந்தது. ஆய்வாளர் ஆய்வு செய்யாமலே திரும்பினார். அதிலிருந்து மூன்றாம் நாள், கொதிகலனை இயக்குவதற்கான சான்றிதழ் காலாவதியாகி, கொதிகலன் அணைந்தது, அதன் நீராவியில் விரிப்பு வார்க்கும் அச்சுகள் நின்றன. புஷ்பாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அண்ணன் வந்தால் நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள். அவர் திரும்பிய அன்று வழக்கமான ரயிலில் வரவில்லை. முந்தைய வண்டியிலேயே வந்திருந்தார். மேலாளர் குணசேகரன் இருவரையும் அழைத்துக் கோப்பைத் திறந்தார். முதல் தாளாகவே அந்தக் கடிதம் இருந்தது.

“கோப்புலதானே சார் வெச்சிட்டுப் போனேன்” என்றார் லட்சுமணன், அவள் முகத்தைப் பாராமல்.

“அன்னிக்கு இல்ல சார். ரெண்டு தடவை தேடினேன்.”

“இப்ப இருக்கேம்மா.” லட்சுமணன் போகும்முன் கொடுத்த அந்த ஒற்றைத் தாளை மேலாளர் திருப்பிக் காட்டினார். “இது உன் கையெழுத்துதானே?”

வெளியே வந்ததும் லட்சுமணன் குரலைத் தாழ்த்தினார். “மனசுல வெச்சிக்காத. இது என் பேர்ல வந்தா, பதினேழு வருச சர்வீசு காலி. நீ சின்னப் பொண்ணு, உனுக்கு இன்னா?”

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்ணே.”

மாலையில் மேலாளரின் குறிப்பு தட்டச்சுக்கு வந்தது: புஷ்பாவின் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. பிரிவின் ஆணைகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இரண்டு கார்பன் தாள்களைச் செருகி, தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தாள்.